இடிமழையில கனெக்ஷன் மிஸ் ஆன ராத்திரி: ஹோட்டலும் சாப்பாடும் யார் கணக்கு? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஐரோப்பாவுல நடந்த கேஸ். டிக்கெட் எடுக்கறது, மாத்தறது, பிரச்சனை வந்தா கிளெய்ம் எழுதறதுன்னு இந்த வேலையில இருக்கறதால பேப்பர் எல்லாம் எங்கிட்ட வந்துச்சு. சம்பந்தப்பட்டவங்க அனுமதியோட, பேரும் ஊரும் ஏர்லைன் பேரும் இல்லாம எழுதறேன்.

பயணம் பண்ணது மூணு பேர். எழுபது வயசை ஒட்டின ஒரு பெரியவர், அவர் மனைவி, அப்புறம் பெரியவரோட அக்கா பையன். பொண்ணு வீட்டுல ரெண்டு மாசம் தங்கிட்டு ஊர் திரும்பறாங்க. பெரியவருக்கு சுகர் இருக்கு. அம்மாவுக்கு முழங்கால் பிரச்சனை, அதனால வீல்சேர் அசிஸ்டன்ஸ் முன்னாடியே புக் பண்ணியிருந்தாங்க.

முதல் ஃப்ளைட் ஐரோப்பிய யூனியனுக்குள்ளயே ஒரு சின்ன ஊர்ல இருந்து ஒரு பெரிய ஹப்புக்கு, ஒன்னேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. சாயந்தரம் 5.30-க்கு கிளம்பி 6.50-க்கு இறங்கணும். அங்க இருந்து ராத்திரி 8.50-க்கு ஆசியாவுக்கு நீண்ட தூர ஃப்ளைட். நடுவுல ரெண்டு மணி நேரம், அந்த ஏர்போர்ட்டோட குறைந்தபட்ச கனெக்ஷன் நேரத்தை விட தாராளமாவே இருந்துச்சு, அதனால புக்கிங்ல யாரும் எந்தத் தப்பும் பண்ணல.

டிக்கெட் விஷயத்துல மட்டும் ஒரு வித்தியாசம். பெரியவருக்கும் அம்மாவுக்கும் பொண்ணு ஒரே ஏர்லைன்ல ஒரே பிஎன்ஆர்ல ரெண்டு ஃப்ளைட்டையும் சேர்த்து எடுத்திருந்தா, பெட்டிக்கும் கடைசி ஊர் வரைக்கும் டேக் போட்டாச்சு. பையன் மட்டும் கொஞ்சம் காசு மிச்சம் பண்ணலாம்னு ஹப் வரைக்கும் இதே ஏர்லைன்ல ஒரு டிக்கெட்டும், ஹப்ல இருந்து ராத்திரி 9.40-க்கு வேற ஒரு ஏர்லைன்ல இன்னொரு டிக்கெட்டும் தனித்தனியா எடுத்திருந்தான். ஹப்ல அவன் பெட்டிய எடுத்து திரும்ப செக்-இன் பண்ணணும். மூணு பேரும் முதல் ஃப்ளைட்ல பக்கத்து பக்கத்து சீட்லதான் உட்கார்ந்து வந்தாங்க.

அன்னைக்கு என்ன ஆச்சு

ஹப் மேல மதியத்துல இருந்தே இடி மின்னல். இந்த மாதிரி நேரத்துல விமானப் போக்குவரத்து கட்டுப்பாடு ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஃப்ளைட்தான் இறங்கலாம்னு குறைச்சிடும், உடனே அங்க போற ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் புதுசா ஒரு கிளம்பற ஸ்லாட் கொடுப்பாங்க. விமானம் ரெடி, பைலட் ரெடி, ஆனா ஸ்லாட் வரலன்னா தரையிலதான் நிக்கணும். போர்டுல 6 மணின்னு போட்டாங்க, அப்புறம் 6.40-ன்னு மாத்தினாங்க, கடைசியா 6.45 வாக்குல 7.45-ன்னு வந்துச்சு. அதாவது ரெண்டேகால் மணி நேரம் லேட்.

அந்த நிமிஷத்துலயே ஒரு உரிமை ஆரம்பிச்சிடுச்சு, அது மூணு பேருக்குமே தெரியல. ஐரோப்பிய யூனியன் ஏர்போர்ட்ல இருந்து கிளம்பற எந்த ஏர்லைனா இருந்தாலும் 261/2004-ங்கற ஒழுங்குமுறை பொருந்தும், அதுபடி 1500 கிலோமீட்டருக்குள்ள போற ஃப்ளைட் ரெண்டு மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட் ஆகும்னு தெரிஞ்சாலே காத்திருக்கற நேரத்துக்குத் தகுந்த சாப்பாடு, குடிக்க ஏதாவது, கூடவே ரெண்டு போன் இல்லன்னா மெயில் அனுப்பற வசதி கொடுத்தே ஆகணும். எந்த உரிமை எல்லாம் இருக்குன்னு எழுதின ஒரு தாளையும் கொடுக்கணும். கேட்ல யாரும் எதுவும் கொடுக்கல, இவங்களும் கேக்கல.

9.05-க்கு ஹப்ல இறங்கினாங்க. நீண்ட தூர ஃப்ளைட் 8.50-க்கே சொன்ன நேரத்துக்குப் போயிடுச்சு. பையனோட ஃப்ளைட் இன்னும் நிக்குது, ஆனா அதோட செக்-இன் கவுண்ட்டர் 8.40-க்கே மூடியாச்சு, பெட்டியும் பெல்ட்ல வந்தாகணும். ரெண்டு டிக்கெட்டும் அங்கயே காலி.

ஆப்ல வந்த ரெண்டு பட்டன்

விமானம் நிக்கறதுக்கு முன்னாடியே பெரியவரோட போன்ல மெசேஜ் வந்திருந்துச்சு. மறுநாள் அதே 8.50 ஃப்ளைட்டுக்கு ஆட்டோமேட்டிக்கா மாத்தியிருந்தாங்க, கீழ ரெண்டு பட்டன்: ஒன்னு ஏத்துக்கறேன், இன்னொன்னு ரீஃபண்ட் வேணும்.

பெரியவர் பொண்ணுக்கு போன் போட்டார், பொண்ணு எனக்கு போட்டா. நான் முதல்ல சொன்னது ரீஃபண்ட் பட்டன தொடவே வேண்டாம்னுதான். காரணம் இது: ரீஃபண்ட் வாங்கிட்டா ஏர்லைனுக்கும் நமக்கும் கணக்கு முடிஞ்சது, ஹோட்டலும் சாப்பாடும் மாற்று ஃப்ளைட்டுக்காக காத்திருக்கறவங்களுக்கு மட்டும்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு பாதி வழியில நிக்கறப்ப பணம் திரும்பி வருதேன்னு அதை அமுக்கிட்டு, அப்புறம் மறுநாள் டிக்கெட்ட அன்னைக்கு விலைக்கு வாங்கி ஹோட்டலையும் கைக்காசு போட்டு எடுத்தவங்க கதை எனக்கு நிறைய தெரியும்.

அதனால ஏத்துக்கறேன்னு போட்டுட்டு புது போர்டிங் பாஸ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சாங்க. பின்னாடி எல்லாத்துக்கும் ஆதாரமே அதுதான், ஏன்னா ஒரு ராத்திரி தங்கித்தான் ஆகணும்னு ஏர்லைனே எழுதிக் கொடுத்த மாதிரி அது.

இன்னொன்னையும் அப்பவே கேட்டுக்கிட்டேன், பாஸ்போர்ட்ல வெளியேறும் முத்திரை குத்தியாச்சான்னு. இல்ல, இன்னும் ஷெங்கன் பகுதிக்குள்ளதான் இருக்காங்க, விசாவுலயும் நாள் பாக்கி இருக்கு. இது சின்ன கேள்வி மாதிரி தெரியும். எல்லையில வெளியேறினதாப் பதிவாகி அந்தப் பக்கம் போனதுக்கு அப்புறம் ஃப்ளைட் போயிடுச்சுன்னா, ஒரே தடவை நுழையற விசாவா இருந்தா அது தீர்ந்து போச்சு, ஏர்லைன் ஹோட்டல் வவுச்சரே கொடுத்தாலும் வெளிய போக முடியாது. அந்த நிலைமையில எல்லைப் போலீஸ்கிட்ட நேரா போய் நான் கிளம்பவே இல்ல, அந்தப் பதிவ ரத்து பண்ண முடியுமான்னு கேட்டுப் பாக்கணும், அவங்க ஒத்துக்கலன்னா உள்ளயே ஹோட்டல் இருக்கா, கட்டிலாவது கிடைக்குமான்னு ஏர்லைன்கிட்ட கேக்கணும். இவங்களுக்கு அந்தச் சிக்கல் வரல.

டெஸ்க்ல நடந்தது

டிரான்ஸ்ஃபர் டெஸ்க்ல பெரிய வரிசை. வீல்சேர் தள்ளிட்டு வந்தவர் இவங்களை பக்கத்து வரிசையில கொண்டுபோய் நிறுத்தினதால அரை மணி நேரத்துல முன்னாடி போயிட்டாங்க. அங்க இருந்தவங்க மரியாதையாத்தான் பேசினாங்க, ஆனா சொன்னது இதுதான்: இது வானிலை, எங்க தப்பு இல்ல, அதனால ஹோட்டல் எங்க பொறுப்பு இல்ல, வேணும்னா தள்ளுபடி விலைக்கு ரூம் கொடுக்கற ஹோட்டல் லிஸ்ட் தரேன், ஆளுக்கு ஒரு சின்ன ஸ்நாக் வவுச்சரும் தரேன்.

இந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா அந்தச் சட்டத்துல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, டெஸ்க்ல அதை ஒன்னாக் கலந்துடறாங்க. ஒன்னு நஷ்டஈடு. நீண்ட தூரத்துக்கு ஆளுக்கு 600 யூரோன்னு எல்லாரும் சொல்றாங்களே அதுதான். இடிமழை, எரிமலை, ஏர்போர்ட் மூடல் மாதிரி அசாதாரண காரணம் இருந்து, முடிஞ்ச முயற்சி எல்லாம் எடுத்தும் தவிர்க்க முடியலன்னு நிரூபிச்சா ஏர்லைன் அதுல இருந்து தப்பிக்கலாம். இன்னொன்னு பராமரிப்பு, அதாவது சாப்பாடு, ராத்திரி தங்க ஹோட்டல், ஏர்போர்ட்டுக்கும் ஹோட்டலுக்கும் போக வர வண்டி. இதுக்கு அந்த விதிவிலக்கு கிடையாது. யார் தப்புன்னு பாத்துக் கொடுக்கற பணம் இல்ல இது, பாதி வழியில மாட்டினவங்களை நடுத்தெருவுல விடக்கூடாதுன்னு வச்சது.

2010-ல ஐஸ்லாந்து எரிமலை வெடிச்சு ஐரோப்பா வானமே மூடினப்ப இந்தச் சண்டை ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2013-ல ரயன்ஏர் வழக்குல தீர்ப்பு வந்துச்சு: எரிமலையே வெடிச்சாலும் பராமரிப்பு கொடுக்கணும், அதுக்கு இத்தனை நாள், இத்தனை பணம்னு உச்சவரம்பு கிடையாது, ஏர்லைன் கொடுக்கலன்னா பயணி தானே செலவு பண்ணிட்டு அவசியமான, பொருத்தமான, நியாயமான அளவுக்கு திரும்ப வாங்கிக்கலாம். எரிமலைக்கே இதுன்னா ஒரு சாயங்கால இடிமழையக் காட்டி ஹோட்டல மறுக்க முடியாது.

ஆனா ஏர்லைன் பக்கமும் பிடிச்சுக்க ஒரு கொம்பு இருக்கு, அதையும் சொல்லிடணும். சட்டத்துல தாமதம், ரத்து, ஏத்த மறுக்கறதுன்னு மூணுதான் பேர் சொல்லி இருக்கு, கனெக்ஷன் மிஸ் ஆனா என்னன்னு தனியா ஒரு பிரிவே இல்ல. முதல் ஃப்ளைட் வந்து சேர்ந்துடுச்சு, ரெண்டாவது சொன்ன நேரத்துக்குப் போயிடுச்சு, இதுல தாமதம் எங்க இருக்குன்னு கேக்கலாம். 2013-லயும் 2018-லயும் வந்த வேற தீர்ப்புகள், நஷ்டஈடு கணக்குக்காக, ஒரே புக்கிங்ல எடுத்த ஃப்ளைட்டுகளை ஒரே பயணமாப் பாக்கணும், கடைசி ஊர்ல எத்தனை மணி நேரம் லேட்டுங்கறதுதான் முக்கியம்னு சொல்லிடுச்சு. நாங்க ஹோட்டலுக்கும் அதே வழியிலதான் வாதம் பண்ணினோம்: பயணம் ஒன்னு, அந்தப் பயணம் மறுநாள்தான் தொடருது, அப்ப நடுவுல இருக்கற ராத்திரி ஏர்லைனோடது. இதுவும் போதலன்னா வச்சுக்கலாம்னு கையில இன்னொன்னு இருந்துச்சு, அது கீழ வரும்.

ராத்திரி எடுத்த முடிவுகள்

பெரியவருக்கு கோவம். பொண்ணு போன்ல, "அப்பா, அவங்களோட சண்டை வேண்டாம், ஹோட்டல் தர மாட்டோம்னு ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லுங்க, அது போதும்"னு சொன்னா. அவங்க எழுதித் தர மறுத்துட்டாங்க, இது எதிர்பார்த்ததுதான். அதனால அந்த ஸ்நாக் வவுச்சர், டெஸ்க் நம்பர், வரிசையோட ஒரு போட்டோ, நேரம், இவ்வளவையும் எடுத்து வச்சாங்க. பொண்ணு அங்கயே ஏர்லைன் ஆப் சாட்ல ஹோட்டல் தருவீங்களா மாட்டீங்களான்னு ஒரே வரி அனுப்பினா, வானிலை காரணமா தர இயலாதுன்னு பதில் வந்துச்சு. டெஸ்க்ல எழுதி வாங்க முடியாதது சாட்ல தானா எழுத்துல வந்து விழுந்துடுச்சு. இது எப்பவும் உதவற வேலை, ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

வவுச்சர வாங்கலாமான்னு அம்மா கேட்டாங்க. சாப்பாட்டு வவுச்சர் வாங்கறதால எந்த உரிமையும் போகாது, தாராளமா வாங்கலாம். ஆனா இதோட எல்லா கோரிக்கையும் தீர்ந்ததா ஏத்துக்கறேன்னு ஒரு வரி எங்கயாவது இருந்து அதுல கையெழுத்தோ டிக்கோ கேட்டா வாங்காதீங்கன்னு சொன்னேன். அப்படி எதுவும் அதுல இல்ல.

ஹோட்டல் எங்க எடுக்கறதுங்கறதுல கொஞ்சம் பேச்சு நடந்துச்சு. டெர்மினலோட ஒட்டின பெரிய ஹோட்டல் இருந்துச்சு, விலை ரெண்டு மடங்குக்கு மேல. பெரியவருக்கு ஏர்லைன் காசுதானே அங்கயே போகலாம்னு ஆசை. நான் வேண்டாம்னேன், ஏன்னா தீர்ப்பு சொல்ற நியாயமானங்கற வார்த்தையிலதான் கிளெய்ம் அடி வாங்கும். அதே நேரம் விலை கம்மியா இருக்குன்னு முழங்கால் வலி இருக்கறவங்கள ரெண்டு ரயில் மாறி ஊருக்குள்ள அனுப்பவும் முடியாது. டெஸ்க்ல கொடுத்த லிஸ்ட்லயே இருந்த ஒரு நடுத்தர ஹோட்டல், டாக்ஸில பத்து நிமிஷம், காலை உணவு சேர்த்து ரூம் 129 யூரோ. அந்த லிஸ்ட்ல இருந்தே எடுத்தது நல்ல முடிவு, ஏர்லைனே கை காட்டின இடத்தை அப்புறம் அவங்களே ஆடம்பரம்னு சொல்ல முடியாது.

பெட்டி கைக்கு வரல, உள்ளயே வச்சுட்டாங்க. மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில இருந்ததால பெரிய பிரச்சனை ஆகல. பெட்டியில இருந்திருந்தா அதுக்காகவே பேகேஜ் டெஸ்க்ல நின்னு பெட்டிய வெளிய எடுக்கச் சொல்லியிருக்கணும், அதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் கூட ஆகும்.

பில் விஷயத்துல ஒரே விதிதான் சொன்னேன்: கார்டு ஸ்லிப் போதாது, என்ன வாங்கினீங்கன்னு தெரியற பில் வேணும். ராத்திரி சாப்பாடு 31 யூரோ, மறுநாள் மதியம் 34, டாக்ஸி போக வர 22 வீதம் 44. பிரஷ், பேஸ்ட், சோப்பு மாதிரி 17.

பையனுக்கு என்ன ஆச்சு

மாமாவுக்கும் அத்தைக்கும் ரூம் ஏற்பாடு ஆகற வரைக்கும் கூடவே இருந்துட்டு அவன் தன் கதைய பாக்கப் போனான். முதல் ஏர்லைன் டெஸ்க்ல சொன்னது: உங்க டிக்கெட் இந்த ஊர் வரைக்கும்தான், வந்து சேர்ந்துட்டீங்க. சட்டப்படி அது சரி. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அவன் ஊருக்கு ரெண்டேகால் மணி நேரம் லேட்டா வந்து சேர்ந்த ஒரு பயணி, தங்கறதுக்கு அங்க அவனுக்கு என்ன தேவைன்னு அவங்களுக்கு சம்பந்தம் இல்ல. கிளம்பின ஏர்போர்ட்ல சாப்பாடு கேட்டிருக்கலாம், அவன் அங்க காசு கொடுத்து எதுவும் வாங்கல, அதனால பில்லும் இல்ல. ரெண்டாவது ஏர்லைன் பார்வையில அவன் வராத பயணி, அவங்க ஃப்ளைட் சரியான நேரத்துக்குப் போச்சு. புது டிக்கெட் சொந்தக் காசு.

அவன்கிட்ட டிராவல் இன்சூரன்ஸ் இருந்துச்சு, கனெக்ஷன் மிஸ் ஆனா பணம் தர்ற கவரும் இருந்துச்சு. கிளெய்ம் போட்டான், நிராகரிச்சுட்டாங்க. தனித்தனி டிக்கெட்டா இருந்தா ரெண்டு ஃப்ளைட்டுக்கும் நடுவுல குறைஞ்சது மூணு மணி நேரம் இருக்கணும்னு பாலிசியில ஒரு வரி. இவனோட திட்டப்படி இருந்தது 6.50-ல இருந்து 9.40 வரைக்கும், அதாவது ரெண்டு மணி ஐம்பது நிமிஷம். பத்து நிமிஷத்துல போச்சு. எனக்கு இதுல கம்பெனி மேல கோவம் வரல, அந்த வரி தெளிவாத்தான் இருந்துச்சு, புக் பண்றப்ப யாரும் பாலிசியையும் டிக்கெட்டையும் பக்கத்துல வச்சு பாக்கறதில்ல, அவ்வளவுதான். ராத்திரி டெர்மினல் பெஞ்சுலயே படுத்துட்டான்.

கிளெய்மும் பதிலும்

ஊர் வந்து ஒரு வாரத்துக்குள்ள ஏர்லைனோட இணையதள ஃபார்ம்ல செலவுக் கணக்கைப் போட்டோம், மொத்தம் 255 யூரோ. கூடவே தனிக் கோரிக்கையா ஆளுக்கு 600 யூரோ நஷ்டஈடும் கேட்டோம். ரெண்டையும் ஒரே கடிதத்துல கலக்கலைங்கறது முக்கியம், கலந்தா வானிலைன்னு ஒரே பதில்ல ரெண்டையும் மூடிடுவாங்க.

மூணு வாரம் கழிச்சு வந்த பதில் அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு: வானிலை அசாதாரண சூழ்நிலை, வருந்துகிறோம். ரெண்டு கோரிக்கைக்கும் எழுத்து மாறாம அதே பதில்.

ரெண்டாவது கடிதம் செலவுக்கு மட்டும் எழுதினோம், ஒரு பக்கத்துக்குள்ள. அதுல இருந்தது இவ்வளவுதான். ஒரே புக்கிங், நம்பர் இது. உங்க முதல் ஃப்ளைட் லேட்டா வந்ததால அடுத்தது போயிடுச்சு, நீங்களே மறுநாளைக்கு மாத்தினீங்க, ஸ்க்ரீன்ஷாட் இணைப்புல. நாங்க கேக்கறது பிரிவு 9 பராமரிப்பு, பிரிவு 7 நஷ்டஈடு இல்ல, அசாதாரண சூழ்நிலைங்கற விலக்கு பிரிவு 9-க்கு இல்லன்னு 2013 தீர்ப்பு சொல்லுது. உங்க சாட் பதில்ல ஹோட்டல மறுத்திருக்கீங்க, நீங்க கொடுத்த லிஸ்ட்ல இருந்தே ஹோட்டல் எடுத்திருக்கோம். நடக்க முடியாதவங்க மேலயும் அவங்க கூட வர்றவங்க மேலயும் தனிக் கவனம் வேணும்னு அதே பிரிவு சொல்லுது, வீல்சேர் புக்கிங் உங்க சிஸ்டத்துலயே இருக்கு. முப்பது நாள்ல பதில் இல்லன்னா அந்த நாட்டோட அமலாக்க அமைப்புக்குப் போவோம்.

கையில வச்சிருந்தோம்னு சொன்ன இன்னொன்னு 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம். ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குப் போற பயணத்துல தாமதத்தால வந்த இழப்புக்கு ஏர்லைன் பொறுப்புன்னு அதோட பிரிவு 19 சொல்லுது, ரெண்டு வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும். ஆனா அதுல, தவிர்க்கறதுக்கு நியாயமா எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தோம், இல்ல எடுக்கவே முடியாத நிலைமைன்னு ஏர்லைன் நிரூபிச்சா தப்பிச்சிடலாம். இடிமழையில அது அவங்களுக்கு சுலபம். அதனால அது இந்தக் கேஸ்ல பலமான ஆயுதம் இல்ல, கடிதத்துல ஒரு வரி மட்டும் வச்சோம்.

அஞ்சு வாரத்துல 238 யூரோ அக்கவுண்ட்டுக்கு வந்துச்சு, ஹோட்டல், டாக்ஸி, சாப்பாடு மூணும் முழுசா. 17 யூரோ சோப்பு பிரஷ் கணக்கைத் தள்ளிட்டாங்க. பிரிவு 9 பட்டியல்ல அது இல்லைங்கறதால நாங்களும் விட்டுட்டோம்.

நஷ்டஈடு 600-ஐ மறுபடி கேட்டப்ப ஹப்ல அன்னைக்கு இருந்த ஸ்லாட் கட்டுப்பாட்டு விவரத்தைக் காட்டினாங்க. அதோட நின்னாச்சு, ஆனா எனக்கு முழு திருப்தி இல்ல. 2020-ல ஒரு தீர்ப்பு இருக்கு, அசாதாரண காரணமே இருந்தாலும் பயணிய தன்னோட அடுத்த நாள் ஃப்ளைட்ல மட்டும் போட்டுட்டா போதாது, அதை விட சீக்கிரமா கொண்டு சேர்க்கற நேரடி வழியோ சுத்து வழியோ, வேற ஏர்லைனா இருந்தாலும், தேடிப் பாத்திருக்கணும்னு. மறுநாள் காலையில வேற ஏர்லைன்ல வேற ஹப் வழியா ஒரு ஃப்ளைட் இருந்துச்சு, அது அதிக நேரம் முன்னாடியே சேர்த்திருக்கும். அதுல சீட் இருந்துச்சான்னு அன்னைக்கு ராத்திரி யாரும் பாத்து வைக்கல, பின்னாடி நிரூபிக்கவும் வழி இல்ல. பெரியவரும் "செலவு வந்துடுச்சுல்ல, போதும்"னு சொல்லிட்டார்.

அதே ராத்திரி வேற இடத்துல நடந்திருந்தா

இந்த முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இவங்க ஐரோப்பிய யூனியன்ல இருந்து கிளம்பினாங்க, அதனால ஏர்லைன் எந்த நாட்டுதுன்னு பாக்கவே தேவையில்ல. இதே பயணம் எதிர்த் திசையில, ஆசியாவுல இருந்து ஐரோப்பாவுக்கு வர்றதா இருந்தா, ஏர்லைன் ஐரோப்பிய யூனியனைச் சேர்ந்ததா இருந்தாத்தான் இந்த ஒழுங்குமுறை கூட வரும். வேற நாட்டு ஏர்லைன்ல வந்து நடுவுல ஐரோப்பாவுக்கு வெளிய ஒரு ஹப்ல மாட்டினா இது கிடையாது, அந்த ஏர்லைனோட பயண நிபந்தனைகளும் அந்த நாட்டுச் சட்டமும் மான்ட்ரியல் ஒப்பந்தமும்தான். பிரிட்டன் யூனியன விட்டு வெளிய வந்தப்பவும் கிட்டத்தட்ட இதே விதிகளை தன் சட்டமா வச்சுக்கிச்சு.

அமெரிக்காவுல தாமதத்துக்கு ஹோட்டல் கொடுத்தே ஆகணும்னு மத்திய சட்டம் இல்ல. பெரிய ஏர்லைன்கள் தங்களோட கட்டுப்பாட்டுக்குள்ள இருக்கற காரணத்துக்கு, அதாவது மெஷின் ரிப்பேர், பைலட் இல்லாதது மாதிரி விஷயத்துக்கு ஹோட்டல் தரோம்னு எழுத்துல உறுதி கொடுத்திருக்காங்க, போக்குவரத்துத் துறை அதை ஒரு பக்கத்துல ஒப்பிட்டுக் காட்டுது. இடிமழை அதுல வராது. கனடாவுல விதி இருக்கு, ஆனா அங்கயும் ஏர்லைன் கட்டுப்பாட்டுக்கு வெளிய இருக்கற காரணம்னா சாப்பாடும் ஹோட்டலும் கட்டாயம் இல்ல. அதாவது ஐரோப்பாவுல தப்பான பதிலா இருக்கற "வானிலை, அதனால ஹோட்டல் இல்ல"ங்கறது வேற இடத்துல சரியான பதிலா இருக்கலாம். எங்க நிக்கறோம், எங்க இருந்து கிளம்பினோம்னு பாக்காம டெஸ்க்ல சட்டம் பேச முடியாது.

இன்னொரு எல்லையும் உண்டு. முதல் ஃப்ளைட் சரியான நேரத்துக்கு வந்து, பயணியே செக்யூரிட்டி வரிசையிலயோ கடையிலயோ நின்னு கேட்டை விட்டா, ஒரே புக்கிங்கா இருந்தாலும் கிளெய்ம் ரொம்ப பலவீனம்.

அடுத்த தடவை என்ன மாறும்

கிளம்பின ஏர்போர்ட்ல 7.45-ன்னு போர்டுல வந்த உடனேயே கணக்குப் போட்டிருக்கணும்: 9.05-க்கு இறங்குவோம், 8.50 போயிடும். அப்பவே கேட் ஆள்கிட்ட மாற்று வழி கேட்டிருந்தா, ஒருவேளை பொண்ணு வீட்டுக்கே திரும்பிப் போய் படுத்துட்டு மறுநாள் நேரா வேற ஹப் வழியா போயிருக்கலாம். சின்ன ஊர்ல, வீடு பக்கத்துல இருக்கறப்ப, வரிசை இல்லாத கேட்ல மாத்தறது ஹப்ல நள்ளிரவுல மாத்தறதை விட எவ்வளவோ சுலபம். வயசானவங்களுக்கு நான் இப்ப முதல்ல சொல்றது இதுதான்.

மாற்று ஃப்ளைட் தேடறப்ப அந்த நேரத்துல விற்பனையில இருக்கற மத்த ஃப்ளைட்டுகளோட ஸ்க்ரீன்ஷாட் ரெண்டு எடுத்து வைக்கணும், சீட் இருக்குன்னு தெரியற மாதிரி. அது இருந்திருந்தா டெஸ்க்ல காலை ஃப்ளைட்டைக் கேட்டிருக்கலாம், கிடைக்கலன்னா 600 யூரோ வாதத்துக்கும் ஒரு அடித்தளம் இருந்திருக்கும்.

பையன் அதுக்கப்புறம் ஒரு தடவை அதே மாதிரி ரெண்டு டிக்கெட்ல போனான், ஏன்னா விலை வித்தியாசம் நிஜமாவே பெருசு. ஆனா இந்த தடவை நடுவுல ஒரு ராத்திரி வேணும்னே விட்டு, ஹோட்டல முன்னாடியே தன் காசுல புக் பண்ணி, அதையும் சேர்த்துப் பாத்தும் ஒரே புக்கிங்க விட கம்மியா வந்ததாலதான் எடுத்தான். பெரியவருக்கும் அம்மாவுக்கும் பொண்ணு இப்பவும் ஒரே பிஎன்ஆர்லதான் எடுக்கறா, ஹப்ல ராத்திரியோட கடைசி ஃப்ளைட்டை மட்டும் தவிர்த்துடறா.